லிஃப்ட் ஏ.எம்.சி. கொட்டேஷனை எப்படிப் படிப்பது?

சென்னைப் புறநகரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இந்த மாதிரிக் கட்டடம் ஒன்று கண்ணில் படும். கீழே கார் நிறுத்த ஸ்டில்ட், மேலே நான்கு மாடி, பன்னிரண்டு வீடு, ஆறு பேர் ஏறும் ஒரே ஒரு லிஃப்ட். லிஃப்ட் போட்ட நிறுவனம் முதல் ஓராண்டு இலவச சர்வீஸ் கொடுத்திருக்கும். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் குடியிருப்போர் சங்கத்தின் மேஜைக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கான கொட்டேஷன் வந்துவிடும். ஏ.எம்.சி. என்றுதான் எல்லாரும் சொல்கிறோம். நாலு பக்கம் இருக்கும். முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு தொகை. கூட்டத்தில் எல்லாரும் பார்ப்பது அந்தத் தொகையைத்தான். போன வருஷம் எவ்வளவு, இப்போது எவ்வளவு ஏற்றியிருக்கிறார்கள், கொஞ்சம் குறைக்கச் சொல்லலாமா என்று பேசி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தத் தொகை மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூட முழுப் பதில் சொல்வதில்லை. இந்த ஆண்டு நம் வங்கிக் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும்? அது எந்தத் தேதிகளில் போகும்? எந்தப் பழுதுக்கு மறுபடி தனியாகக் கொடுக்க வேண்டியிருக்கும்? கடைசிக் கேள்விக்கு மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் பதில் இருக்கும். அதுவும் பாதிப் பதில்தான். கையெழுத்துக்கு முன்பே மூன்றையும் நிறுவனத்திடம் எழுதிக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள முடியும். அதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு கொட்டேஷனை வைத்துப் பார்ப்போம். இதில் வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. லிஃப்டின் வயது, நிறுவனம், ஊர் ஆகியவற்றைப் பொறுத்து உங்கள் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

நம் கொட்டேஷன் இப்படிச் சொல்கிறது: செமி காம்ப்ரிஹென்சிவ் ஏ.எம்.சி., ஆண்டுக்கு 42,000 ரூபாய், வரி தனி. பணம் செலுத்தும் முறை, காலாண்டுக்கு ஒருமுறை முன்பணமாக 11,025 ரூபாய், வரி தனி. ஒப்பந்தக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை.

முதலில் வரியைச் சேர்த்துவிடுங்கள். பராமரிப்புச் சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 42,000-க்கு 7,560 ஆகும், மொத்தம் 49,560. சங்கத்தின் ஆண்டு வரவு செலவில் எழுத வேண்டிய எண் இதுதான். வியாபார நிறுவனமாக இருந்தால் கட்டிய வரியை வேறு இடத்தில் கழித்துக்கொள்ள வழி இருக்கலாம். சின்னக் குடியிருப்புச் சங்கத்துக்குப் பெரும்பாலும் அது கிடையாது. அதனால் வரி முழுவதும் நமக்குச் செலவுதான். இரண்டு நிறுவனங்களின் கொட்டேஷனை ஒப்பிடும்போது ஒன்றில் வரி சேர்ந்தும் மற்றதில் சேராமலும் இருந்தால் மலிவாகத் தெரிவது உண்மையில் மலிவாக இருக்காது.

அடுத்தது காலாண்டுத் தவணை. இங்கேதான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆண்டுக்கு 42,000 என்றால் நாலில் ஒரு பங்கு 10,500 தானே? கொட்டேஷனில் 11,025 என்றிருக்கிறது. நான்கால் பெருக்கினால் 44,100. தவணையாகக் கட்டுவதற்காக 5 சதவீதம் சேர்த்திருக்கிறார்கள். வரியோடு ஒரு தவணை 13,009 ரூபாய் 50 காசு. நான்கு தவணைக்கு 52,038. ஒரே தடவையில் கட்டுவதைவிட 2,478 ரூபாய் அதிகம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. முழுப் பணமும் முதல் நாளே வந்தால் தள்ளுபடி, தவணையென்றால் கூடுதல் என்று வைப்பது அவர்கள் உரிமை. ஆனால் முதல் பக்கத்தில் இருக்கும் 42,000 நீங்கள் தேர்ந்தெடுத்த தவணை முறைக்கு உரிய விலை இல்லை என்பது யாராவது பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே எந்தக் கொட்டேஷன் வந்தாலும் தவணையை நான்கால் பெருக்கி ஆண்டுத் தொகையோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் ஏன் என்று கேளுங்கள்.

ஒரே தடவையில் கட்டி 2,478 ரூபாயை மிச்சம் பிடிப்பதுதானே புத்திசாலித்தனம் என்று தோன்றும். வட்டியாக மட்டும் பார்த்தால் அது சரிதான். முதல் தவணை எப்படியும் முதல் நாளே போய்விடுகிறது. மீதி மூன்றை மூன்று, ஆறு, ஒன்பது மாதம் தள்ளிக் கட்டுவதற்கு நாம் தரும் விலை அது. வட்டியாக மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 13 சதவீதம் வரும். சேமிப்புக் கணக்கு அதில் பாதிகூடத் தராது. ஆனாலும் புதிய நிறுவனமாக இருந்தால் நான் தவணை முறையைத்தான் சொல்வேன். மாதா மாதம் வர வேண்டிய மெக்கானிக் இரண்டு மாதமாக வரவில்லை என்றால், அடுத்த தவணையை நிறுத்திவைத்துப் பேசும் பிடி நம்மிடம் இருக்கும். முழுத் தொகையும் போய்விட்டால் போன் செய்து கெஞ்சுவது மட்டும்தான் மிச்சம். பன்னிரண்டு வீட்டுக்குப் பிரித்தால் இந்தப் பிடிக்கு வீட்டுக்கு ஆண்டுக்கு 206 ரூபாய் 50 காசு ஆகிறது. பல ஆண்டு பழகிய, வேலை சுத்தமாகச் செய்யும் நிறுவனமென்றால் முழுசாகக் கட்டித் தள்ளுபடியை வாங்கிக்கொள்ளலாம்.

காலாண்டு என்றால் எந்தக் காலாண்டு என்பதையும் கேட்டு வைக்க வேண்டும். நமக்கு ஒப்பந்தம் ஜூன் 1-ல் தொடங்குகிறது. நம் மனக்கணக்கில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை முதல் காலாண்டு. ஆனால் பல நிறுவனங்களின் பில்லிங் நிதியாண்டுக் காலாண்டுப்படி ஓடும்: ஏப்ரல்-ஜூன், ஜூலை-செப்டம்பர், அக்டோபர்-டிசம்பர், ஜனவரி-மார்ச். அப்படியானால் நமக்கு நான்கு பில் வராது, ஐந்து வரும். ஜூன் ஒரு மாதத்துக்கு 3,675. பிறகு மூன்று முழுக் காலாண்டுக்கு 11,025 வீதம். கடைசியில் ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கு 7,350. கூட்டினால் அதே 44,100. சிக்கல் வருவது முதல் பில்லையும் கடைசி பில்லையும் முழுக் காலாண்டாகப் போட்டுவிட்டால்தான். அப்போது ஐந்து தடவை 11,025 என்று 55,125 போய்விடும். வரிக்கு முன்பே ஒரு தவணை அதிகம். ஏப்ரலில் சங்கத்துக்குப் புதிய பொருளாளர் வந்திருந்தால், இது ஐந்தாவது பில் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. அதனால் ஒவ்வொரு தவணைக்கும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எவ்வளவு, எப்போது கட்ட வேண்டும் என்று அவர்கள் கையாலேயே ஒரு சின்ன அட்டவணை வாங்கிவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இது வரைக்கும் கணக்கு. இனிமேல் வருவதுதான் ஒப்பந்தத்தின் உயிர்.

லிஃப்ட் ஏ.எம்.சி.யில் பொதுவாக மூன்று வகை உண்டு. முதலாவது லேபர் மட்டும். மெக்கானிக் வருவார், சுத்தம் செய்வார், எண்ணெய் விடுவார், சரிபார்ப்பார்; எந்தப் பார்ட்ஸ் போனாலும் விலை நம்முடையது. மூன்றாவது காம்ப்ரிஹென்சிவ். பெரும்பாலான பார்ட்ஸ் அவர்கள் செலவு. நடுவில் இருப்பது செமி காம்ப்ரிஹென்சிவ். சின்னச் சின்னப் பார்ட்ஸ் அவர்களுடையது, பெரியவை நம்முடையவை. இந்தப் பெயர்களுக்கு எல்லா நிறுவனத்திலும் ஒரே அர்த்தம் இல்லை. ஒருவரின் செமியில் கன்ட்ரோலர் போர்டு உள்ளே இருக்கும். இன்னொருவரின் காம்ப்ரிஹென்சிவில்கூட ரோப் வெளியே இருக்கும். ஆகையால் பெயரை விட்டுவிட்டு விலக்குப் பட்டியலைப் படிக்க வேண்டும்.

நம் கொட்டேஷனின் மூன்றாம் பக்கத்தில் விலக்குகள் ஒரே பத்தியாக வரிசையாக இருக்கின்றன: ஸ்டீல் ரோப், மோட்டார், டிரைவ், கன்ட்ரோலர் போர்டு, ஏ.ஆர்.டி. பேட்டரி, கேபினின் உட்புற அலங்காரம், விளக்கு, ஃபேன். மேலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கம், தண்ணீர் புகுதல், தவறான உபயோகம், இடி மின்னல் ஆகியவற்றால் வரும் சேதம். இதை மேலோட்டமாகப் படித்தால் ஒரே பட்டியலாகத் தெரியும். ஆனால் உள்ளே இரண்டு விதமான விலக்குகள் கலந்திருக்கின்றன. முதல் பாதி பொருளைச் சொல்கிறது. பின்பாதி காரணத்தைச் சொல்கிறது. இரண்டையும் பிரித்து எழுதித் தரச் சொல்வதுதான் முதல் வேலை.

பொருள் விலக்கை எடுத்துக்கொள்வோம். அதில் ரோப் நல்ல உதாரணம். கேபினையும் எதிர் எடையையும் தாங்கும் இரும்புக் கயிறுகள் அவை. நாள்பட நாள்பட இழைகள் ஒவ்வொன்றாக அறும், கயிற்றின் பருமன் குறையும். ஒரு கயிறு மட்டும் கெட்டுவிட்டது என்றாலும் பொதுவாக முழு செட்டையும் சேர்த்துத்தான் மாற்றுவார்கள். பழையதும் புதியதும் ஒரே அளவு இழுவையில் நிற்காது என்பதே காரணம். அதனால் செலவு எப்போதும் மொத்தமாக வரும். கயிறு ஓடும் உருளையின் பள்ளங்களும் கூடவே தேய்ந்திருக்கும். தேய்ந்த பள்ளத்தில் புதுக் கயிற்றைப் போட்டால் அது சீக்கிரமே கெடும். இப்போது கேளுங்கள்: ரோப் விலக்கு என்றால் உருளையும் விலக்கா? மாற்றும் கூலி யாருடையது? கேபினைத் தொங்கவிடச் செயின் பிளாக் கொண்டுவரும் வாடகை யாருடையது? "ரோப் மட்டும் உங்கள் செலவு" என்று விற்பனை ஆள் வாயால் சொல்வதும், ரோப், கூலி, வாடகை மூன்றையும் சேர்த்து ஒரு பில் வருவதும் ஒரே ஒப்பந்தத்துக்குள் நடக்கக் கூடியவைதான். ஏனென்றால் விலக்கு என்பது பார்ட்ஸுக்கு மட்டுமா, வேலைக்கும் சேர்த்தா என்று தாளில் எங்கும் இல்லை.

ஏ.ஆர்.டி. பேட்டரி இன்னொன்று. கரண்ட் போனால் லிஃப்டைப் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும் சாதனம்தான் ஏ.ஆர்.டி. அதற்குள் இருக்கும் பேட்டரி சில ஆண்டுகளில் சார்ஜ் பிடிக்காமல் போய்விடும். இது எதிர்பாராத பழுது கிடையாது. தெரிந்தே வரும் செலவு. விலக்கில் இருப்பதில் தவறும் இல்லை. ஆனால் ஏ.ஆர்.டி.யைச் சோதிப்பது மாதாந்திர சர்வீஸில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மெயினை அணைத்து லிஃப்ட் தானாக மாடிக்கு வருகிறதா என்று மெக்கானிக் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால் பேட்டரி செத்தது தெரிவதே யாராவது இருட்டில் மாட்டிக்கொள்ளும் அன்றைக்குத்தான்.

காரண விலக்கு இதைவிடச் சிக்கலானது. கன்ட்ரோலர் போர்டை உள்ளே சேர்த்துத் தரும் நல்ல ஒப்பந்தத்திலும், வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தால் எரிந்தால் பொருந்தாது என்ற வரி இருக்கும். போர்டு போவதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணமே வோல்டேஜ்தான். அப்படியானால் போர்டு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? அதை முடிவு செய்பவர் மெஷின் ரூமில் நிற்கும் மெக்கானிக். அவர் நிறுவனத்தின் ஊழியர். அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், கருகிய ஒரு போர்டைப் பார்த்து அது வயதால் போனதா, வோல்டேஜால் போனதா என்று கண்ணால் சொல்வது கஷ்டம். அதனால் இந்த வரியை நீக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பதைவிட, எப்படி நிரூபிப்பார்கள் என்று கேட்பதுதான் பலன் தரும். வோல்டேஜ் காரணம் என்றால் மூன்று ஃபேஸிலும் எடுத்த ரீடிங்குடன் எழுத்தில் அறிக்கை வேண்டும். கழற்றிய போர்டைச் சங்கத்திடம் காட்ட வேண்டும். அன்றைக்கு அதே கட்டடத்தில் மோட்டாரோ வேறு சாதனமோ எரிந்ததா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். லிஃப்டின் லைனில் பாதுகாப்புச் சாதனம் எதைப் போட்டால் இந்த விலக்கைத் தளர்த்துவார்கள் என்றும் கேட்கலாம். சில நிறுவனங்கள் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொண்டால் அந்தச் சாதனத்துக்கு ஆகும் செலவு ஒரு போர்டின் விலையை மிச்சம் பிடித்துத் தரலாம்.

தண்ணீரும் இப்படித்தான். கேபின் ஓடும் குழாயின் அடியில், தரைமட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கிறது. பிட் என்பார்கள். பஃபர், அவசர நிறுத்த ஸ்விட்ச், வேகக் கட்டுப்பாட்டுக் கயிற்றை இழுத்துப் பிடிக்கும் உருளை எல்லாம் அங்கே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழையில் ஸ்டில்ட்டில் தண்ணீர் ஏறினால் முதலில் நிரம்புவது அந்தப் பள்ளம். தண்ணீர் புகுந்த சேதம் விலக்கு என்பது நியாயமான நிபந்தனை. கட்டடத்துக்குள் மழைநீர் வராமல் பார்ப்பது நம் பொறுப்பு. ஆனால் பிட்டின் சுவரில் ஈரம் கசிகிறது என்று மெக்கானிக் ஆறு மாதமாகப் பார்த்தும் எழுதாமல் விட்டால் அது யார் பொறுப்பு? சர்வீஸ் அறிக்கையில் பிட்டின் நிலையை ஒவ்வொரு தடவையும் குறிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டால் இந்தத் தகராறு வராது. கனமழை எச்சரிக்கை வந்தால் கேபினை மேல் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிட வேண்டும் என்பதையும் வாட்ச்மேனுக்கு அவர்களையே காட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விகளோடு சங்கச் செயலாளர் நிறுவனத்தின் ஆளிடம் பேசினால் உரையாடல் ஏறக்குறைய இப்படிப் போகும்.

"சார், டோர் சென்சார் உள்ளேயா வெளியேயா? பட்டியலில் இல்லையே."

"பட்டியல்ல இல்லைன்னா கவர் ஆகும் மேடம். அது சின்னப் பார்ட்ஸ்தான்."

"அப்படியானால் விலக்குப் பட்டியலில் இல்லாத எல்லாமே உள்ளே என்று ஒரு வரி எழுதித் தர முடியுமா?"

"எல்லாமேன்னு எழுதித் தர முடியாது மேடம். ஹெட் ஆஃபீஸ்ல கேட்கணும்."

அவர் தயங்கும் இடத்தில்தான் தகவல் இருக்கிறது. பட்டியலில் இல்லாத பார்ட்ஸ் எந்தப் பக்கம் சேரும் என்று சொல்லாத கொட்டேஷனில், சந்தேகம் வரும் ஒவ்வொரு பொருளும் பழுதான அன்றைக்குப் பேரத்துக்கு வரும். விலக்குப் பட்டியலை மட்டும் வாங்காமல், உள்ளே சேர்ந்த பார்ட்ஸின் பட்டியலையும் வாங்கி, இரண்டிலும் இல்லாதது உள்ளே என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் இரண்டிலும் இல்லாதது வெளியே என்றாவது தெளிவாக எழுதட்டும். அப்போதாவது விலையைச் சரியாக ஒப்பிடலாம்.

எப்படி ஒப்பிடுவது? அதே நிறுவனம் காம்ப்ரிஹென்சிவுக்கு ஆண்டுக்கு 78,000 கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 92,040. செமியைவிட 42,480 அதிகம். ஐந்து ஆண்டில் 2,12,400. இனி விலக்கில் இருக்கும் பெரிய பார்ட்ஸுக்கு அவர்களிடமே விலைப்பட்டியல் கேளுங்கள். லிஃப்டுக்கு ஒன்பது வயது. அடுத்த ஐந்து ஆண்டில் ஒரு ரோப் செட், ஒரு டிரைவ், ஒரு கன்ட்ரோலர் போர்டு, இரண்டு தடவை பேட்டரி மாற்ற வேண்டியிருக்கும் என்று மோசமாகவே எண்ணிக்கொள்வோம். ரோப் 60,000, டிரைவ் 45,000, போர்டு 25,000, பேட்டரி இரண்டுக்கும் 16,000 என்றால் 1,46,000, வரியோடு 1,72,280. எல்லாம் ஒரே லிஃப்டில் ஐந்து ஆண்டுக்குள் போனாலும் காம்ப்ரிஹென்சிவுக்குக் கொடுத்த கூடுதலைவிடக் குறைவுதான். அந்தக் காம்ப்ரிஹென்சிவிலும் ரோப்பும் பேட்டரியும் விலக்கு என்று பொடி எழுத்தில் இருந்தால், 2,12,400 கொடுத்து நாம் வாங்கிய பாதுகாப்பு டிரைவுக்கும் போர்டுக்கும் மட்டும்தான், வரியோடு 82,600. அதிலும் வோல்டேஜ் விலக்கு இருந்தால் அதுவும் உறுதி இல்லை.

இதனால் காம்ப்ரிஹென்சிவ் எப்போதும் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். லிஃப்ட் இதைவிடப் பழையதாக இருந்தாலோ, திடீரென்று அறுபதாயிரம் திரட்ட முடியாத சங்கமாக இருந்தாலோ, முதியோர் அதிகம் வாழும் கட்டடத்தில் பணம் வசூலாகும் வரை லிஃப்டை நிறுத்திவைக்க முடியாது என்றாலோ, கூடுதலாகக் கொடுத்து நிம்மதி வாங்குவதில் நியாயம் உண்டு. விலைப்பட்டியல் கையில் இருந்தால் அந்த முடிவைக் கணக்கோடு எடுக்கலாம். செமியைத் தேர்ந்தெடுத்தால் மிச்சமாகும் 42,480-ல் ஒரு பகுதியையாவது லிஃப்டுக்கென்று தனியாக எடுத்துவைக்க வேண்டும். எடுத்துவைக்காத சங்கத்துக்குச் செமி மலிவே இல்லை.

சர்வீஸ் எத்தனை தடவை, அழைத்தால் எவ்வளவு நேரத்தில் வருவார்கள் என்பதும் விலக்கின் இன்னொரு முகம்தான். காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை வரும் அழைப்புகள் மட்டும் இலவசம் என்றால் இரவு அழைப்பு விலக்கு என்று பொருள். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் எந்த நேரத்திலும் கட்டணம் இல்லாமல் வருவோம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அரசு உரிமமும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு லிஃப்ட் சட்டம், 1997-ன் கீழ் லிஃப்டை இயக்க மின் ஆய்வுத் துறையின் உரிமம் வேண்டும். அதற்கான கட்டணமும் ஆய்வுக்கு மெக்கானிக்கை அனுப்புவதும் ஏ.எம்.சி.யில் சேருமா என்று பல கொட்டேஷன்களில் ஒரு வார்த்தைகூட இருக்காது.

வாங்கிய பதிலையெல்லாம் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். போனில் சொன்னது ஒப்பந்தம் ஆகாது. ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பலாம். இந்த அளவு போதும்:

"ஐயா, தங்கள் கொட்டேஷன் தொடர்பாகக் கீழ்க்கண்டவற்றை எழுத்தில் உறுதி செய்ய வேண்டுகிறோம். 1) நாங்கள் காலாண்டுத் தவணையைத் தேர்ந்தெடுத்தால் வரி உட்பட ஆண்டு மொத்தம் 52,038 ரூபாய், இதற்கு மேல் எந்தச் சர்வீஸ் கட்டணமும் இல்லை. 2) தவணைக் காலங்களும் தொகைகளும் தேதிகளும் அடங்கிய அட்டவணையை இணைக்கவும். 3) விலக்கான பார்ட்ஸ், உள்ளடங்கிய பார்ட்ஸ் இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியலும், விலக்கானவற்றுக்கு இந்த ஆண்டு முழுவதும் மாறாத விலையும் தரவும். 4) விலக்கான பார்ட்ஸை மாற்றும் கூலி யாருடையது என்று குறிப்பிடவும். 5) வோல்டேஜ் அல்லது தண்ணீர் காரணமாக விலக்கு என்று சொல்லும்போது எழுத்து அறிக்கையும் கழற்றிய பார்ட்ஸும் தரப்படும் என்று உறுதி செய்யவும். 6) ஒப்பந்தத்தை இடையில் நிறுத்தினால் செலுத்திய தவணையில் மீதி நாட்களுக்கான தொகை திரும்பக் கிடைக்குமா என்று தெரிவிக்கவும்."

பதில் வந்ததும் வேலை முடியவில்லை. ஒப்பந்தத் தாளின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: இதற்கு முன் நடந்த பேச்சும் கடிதமும் செல்லாது, இந்தத் தாளில் உள்ளதே இறுதி. அதில் கையெழுத்துப் போட்டால் அவர்கள் எழுதித் தந்த பதிலே செல்லாமல் போகலாம். அதனால் அந்த மின்னஞ்சல் பதிலை அச்செடுத்து, இணைப்பு என்று பெயரிட்டு ஒப்பந்தத்தில் சேர்த்து, அச்சிட்ட நிபந்தனைக்கும் இணைப்புக்கும் முரண் வந்தால் இணைப்பே செல்லும் என்று ஒரு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அதற்கு மறுக்கும் நிறுவனத்தின் பதிலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது ஒரு இடத்தில் மட்டும் கூர்ந்து பாருங்கள். 8 சதவீத உயர்வு என்று கடிதம் வரும். எதன் மேல் 8 சதவீதம்? அடிப்படைத் தொகையான 42,000-ன் மேல் என்றால் புதிய ஆண்டுத் தொகை 45,360. நீங்கள் கட்டிய தவணைகளின் கூட்டுத்தொகையான 44,100-ன் மேல் என்றால் 47,628. அதாவது போன ஆண்டுத் தவணைக்காகச் சேர்த்த 5 சதவீதம் இந்த ஆண்டின் அடிப்படை விலைக்குள் நிரந்தரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதன் மேல் இந்த ஆண்டுத் தவணைக்கு மறுபடியும் 5 சதவீதம் வரும். போன ஆண்டின் விலக்குப் பட்டியலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தொகை அப்படியே இருக்க, டோர் சென்சார் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தால் அதுவும் விலை உயர்வுதான்.